வடிகால் இல்லாத வாய்க்கால்

டில்லிக்கு வடக்கே, இன்றைய அரியானாவில் இருக்கிறது கர்னால். 1840-களின் தொடக்கத்தில் அங்கிருந்த ஆங்கிலேயரின் பெரிய படை முகாமைக் காலி செய்து அம்பாலாவுக்குக் கொண்டுபோனார்கள். எந்த எதிரியும் துரத்தவில்லை. சிப்பாய்களைக் காய்ச்சல் ஆண்டு தவறாமல் படுக்கவைத்தது. அருகில் ஓடிய மேற்கு யமுனைக் கால்வாய்க்கும் இந்தக் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க 1845-ல் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. பேக்கர் பொறியாளர், டெம்ப்ஸ்டர் மருத்துவர், மூன்றாமவர் ஹென்றி யூல். பிற்காலத்தில் மார்க்கோ போலோ பயண நூலைப் பதிப்பித்துப் பெயர் பெற்ற அதே யூல்தான். கால்வாயோர ஊர்களுக்குப் போய், குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பது தெரியவர இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் அவர்கள் கண்ட காரணம் சரியானது. மழைநீர் இயல்பாக ஓடிக்கொண்டிருந்த பள்ளங்களைக் கால்வாயின் கரை குறுக்கே மறித்திருந்தது. தண்ணீர் தேங்கிய ஊர்களில்தான் வீங்கிய மண்ணீரல்கள் அதிகம்.

அதன் பின் பத்தாண்டு கழியவில்லை. 1855-ல் அதே கர்னால் பகுதியிலுள்ள முனக் என்ற கிராமத்தின் விவசாயிகள் வேறொரு புகாருடன் வந்தார்கள். கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த வயல்களில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, பயிர் முளைப்பதில்லை என்றார்கள். கால்வாய்ப் பாசனம் நிலத்தைக் கெடுத்ததற்கு இந்தியாவில் எழுத்தில் பதிவான முதல் புகார்களில் இது ஒன்று. காய்ச்சலும் உப்பும் வேறு வேறு துறைகளின் தலைவலியாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. தண்ணீரைக் கொண்டுவர வழி செய்தவர்கள், அது வெளியே போக வழி செய்யவில்லை.

அரியானாவின் நடுப்பகுதியான ரோத்தக், ஜஜ்ஜர், சோனிபட், ஜீந்த் மாவட்டங்களில் இந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. அதற்கு நில அமைப்பே முதல் காரணம். நாற்புறமும் சற்றே உயர்ந்து நடுவில் தாழ்ந்த தாம்பாளம் போல் கிடக்கும் பூமி அது. மழைநீரை ஏந்திக்கொண்டு போக இயற்கையான ஆறு அங்கே இல்லை. நிலத்தடி நீரோ உப்பு. கிணறு தோண்டினால் குடிக்கவும் உதவாது, பாய்ச்சவும் உதவாது. அப்படிப்பட்ட இடத்துக்குக் கால்வாய் வந்தபோது மக்கள் கொண்டாடியதில் வியப்பில்லை. 1954-ல் பக்ரா கால்வாய்கள் திறக்கப்பட்ட பிறகு மாநிலத்தின் மேற்குப் பகுதிக்கும் தண்ணீர் தாராளமாக வந்தது.

நிலத்தடி நீர் நன்னீராக உள்ள ஊரில் கால்வாய் வந்தாலும் விவசாயி ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்துக்கொண்டே இருப்பார். கசிந்து கீழே போனது திரும்ப மேலே வந்துவிடும். உப்புநீர் உள்ள ஊரில் யாரும் இறைப்பதில்லை. கால்வாயிலிருந்தும் வயலிலிருந்தும் கசியும் ஒவ்வொரு சொட்டும் கீழேயே தங்குகிறது. அதனால்தான் ஒரே மாநிலத்தில், கர்னால், குருச்சேத்திரம் பக்கம் நீர்மட்டம் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருக்க, ரோத்தக் பக்கம் அது வீட்டு அஸ்திவாரத்தை நனைக்கிறது. கீழே உள்ள தண்ணீர் நல்லதாக இருந்தால் வற்றிப்போகிறது, கெட்டதாக இருந்தால் ஏறி வருகிறது.

இந்த ஏற்றம் எவ்வளவு மெதுவானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். மண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் முழுவதும் புதுத் தண்ணீருக்குக் கிடைப்பதில்லை. அதில் பெரும் பங்கை மண் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் ஈரம் நிரப்பியிருக்கும். நடுத்தர மண்ணில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடம்தான் காலி. ஆகவே பயிருக்குத் தேவைப்படாத தண்ணீர் ஓராண்டில் வெறும் இரண்டரைச் சென்டிமீட்டர் கீழே இறங்கினால், நிலத்தடி நீர்மட்டம் கால் மீட்டர் உயரும். தொடக்கத்தில் நீர்மட்டம் பதினைந்து மீட்டர் ஆழத்தில் இருந்ததென்றால், அது வேர்ப் பகுதிக்கு வந்து சேர ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். தாத்தா காலத்தில் கால்வாய் வந்தது, அப்பா காலத்தில் மகசூல் பெருகியது, பேரன் காலத்தில் நிலம் வெளுத்தது. நடுவில் யாரும் எதையும் தப்பாகச் செய்ததாகத் தோன்றாது. இரண்டரைச் சென்டிமீட்டரை வீணாக்காமல் பாசனம் செய்யும் விவசாயி உலகத்தில் எங்கும் இல்லை. அதிலும் அரியானாவில் வாராபந்தி என்ற முறைப்பாசனம் நடக்கிறது. வாரத்தில் இன்ன நாள், இன்ன மணி முதல் இன்ன மணி வரை உங்கள் வயலுக்குத் தண்ணீர் என்பது அதன் விதி. மழை பெய்து ஈரம் இருந்தாலும், கையில் வந்த முறையை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது.

நீர்மட்டம் பத்து மீட்டரில் இருந்தாலும் ஐந்து மீட்டரில் இருந்தாலும் பயிருக்குக் கவலையில்லை. அது இரண்டு மீட்டருக்கு மேலே ஏறும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, வெயிலில் ஆவியாகிவிடும். உப்பு ஆவியாவதில்லை. மேல் மண்ணிலேயே தங்கிவிடும்.

கால்வாய்த் தண்ணீரிலும் உப்பு உண்டு. நல்ல ஆற்றுநீர் என்றாலும் லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம். ஓர் ஏக்கருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் அது சுமார் 24 லட்சம் லிட்டர். அதனுடன் வயலுக்கு வரும் உப்பு கிட்டத்தட்ட அரை டன். இது பெரிதாகத் தெரிகிறதா? கீழிருந்து வருவதைப் பாருங்கள். நிலத்தடி நீரில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு இருந்து, நாளொன்றுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் மண் வழியாக ஏறி ஆவியானால், ஏக்கருக்குத் தினமும் 40 கிலோ உப்பு மேலே வருகிறது. கோடையில் வயல் நூறு நாள் தரிசாகக் கிடந்தால் நான்கு டன். நிலத்தைச் சும்மா போட்டுவைத்தால் ஆறிக்கொள்ளும் என்ற நம்பிக்கை மற்ற இடங்களில் சரியாக இருக்கலாம். நீர்மட்டம் ஏறிய நிலத்தில் தரிசு விடுவதுதான் உப்பை மிக வேகமாகச் சேர்க்கிறது.

இதை விவசாயி எப்படிக் கண்டுகொள்கிறார்? உள்ளூரில் இந்த நீர்த்தேக்கத்துக்குச் 'சேம்' என்று பெயர். அது வரப்போவதைப் பயிர்கள்தான் முதலில் சொல்லும். கொண்டைக்கடலை உப்பைத் தாங்காது. சேம் ஏறும் ஊரில் முதலில் காணாமல் போவது அதுதான். கோதுமை ஓரளவு தாங்கும், கடுகும் பருத்தியும் அதைவிடத் தாங்கும், பார்லி எல்லாவற்றையும் மிஞ்சித் தாங்கும். எனவே ஓர் ஊரில் பத்தாண்டுகளில் பயிர் மாறிய வரிசையைக் கேட்டாலே மண்ணில் உப்பு ஏறிய கதை தெரிந்துவிடும். அடுத்து, விதைத்த கோதுமை திட்டுத் திட்டாக முளைக்கும். முளைத்ததும் ஒருவித நீலம் கலந்த கரும்பச்சையில் நிற்கும், இலை நுனி கருகும். ஈரம் இருந்தும் தண்ணீர் காணாததுபோல் வாடும். மண்ணிலுள்ள உப்பு, தண்ணீரை வேருக்கு விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். விவரம் தெரியாதவர் உடனே இன்னொரு தண்ணீர் விடுவார். நீர்மட்டம் இன்னும் ஏறும்.

இந்த இடத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அதற்குக் கொடுக்கும் விலை அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். வெள்ளை படிந்த நிலத்தையெல்லாம் ஒரே நோய் என்று எண்ணி, ஜிப்சம் மூட்டைகளை இறக்கிவிடுகிறார்கள். கெட்டுப்போன நிலத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று உவர் நிலம். கரையக்கூடிய உப்புகள் மிகுந்து, மண்ணின் கட்டமைப்பு கெடாமல் இருப்பது. மற்றது களர் நிலம். களிமண் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு, கார அமிலநிலை எட்டரை, ஒன்பது, பத்து என்று ஏறியிருப்பது. உவர் நிலத்தின் மேற்பரப்பு பொருபொருவென்று, காலடியில் நெகிழும். அதில் தேங்கும் தண்ணீர் தெளிவாக இருக்கும். களர் நிலம் காய்ந்தால் கல்போல் இறுகும், நனைந்தால் வழுக்கும். தண்ணீர் நாள்கணக்கில் இறங்காமல் கலங்கலாக நிற்கும். ஆய்வுக்கூடம் போவதற்கு முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டு, மழைநீரோ வடிநீரோ ஊற்றிக் குலுக்கி, ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்தால் உவர் என்று சந்தேகிக்கலாம். மறுநாள் காலையிலும் கலங்கலாகவே நின்றால் களர். ஆய்வுக்கூட அறிக்கைக்கு இது மாற்று ஆகாது. ஆனால் எந்தக் கேள்வியுடன் ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

களர் நிலத்துக்கு மருந்து ஜிப்சம்தான். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் களிமண்ணிலிருந்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட சோடியத்தைத் தண்ணீர் கீழே கொண்டுபோய்விடும். 1969 முதல் இயங்கும் கர்னாலின் மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்கு வகுத்துத் தந்த முறை எளிமையானது. நிலத்தை மட்டப்படுத்தி, உயரமான வரப்புக் கட்டி, மண் ஆய்வு சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் ஏக்கருக்கு நான்கு முதல் ஆறு டன், ஜிப்சத்தைப் பரப்பி, மேல் பத்துச் சென்டிமீட்டரில் மட்டும் கலக்கவேண்டும். ஆழ உழுதால் ஜிப்சம் அதிக மண்ணில் பரவி நீர்த்துப்போகும், மேல் மண்ணும் திருந்தாது. பிறகு ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் கட்டிவைத்து, முதல் பயிராக நெல்லை நடவேண்டும். நாற்று முப்பத்தைந்து, நாற்பது நாள் முதிர்ந்ததாக இருக்கட்டும். குத்துக்கு நாற்றின் எண்ணிக்கையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும், ஏனென்றால் சில சாகும். துத்தநாகச் சத்து குறைவாக இருக்கும் என்பதால் துத்தநாக சல்பேட் போடுவது கட்டாயம். நெல்லுக்குப் பின் கோதுமை, கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது என்று மூன்று நான்கு ஆண்டு இடைவிடாமல் பயிர் வைத்தால் நிலம் தேறிவிடும். பஞ்சாபிலும் அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் லட்சக்கணக்கான எக்டேர் களர் நிலம் இப்படித்தான் வயலாயிற்று.

நம் பக்கத்திலும் இதன் நேர்ச் சான்று இருக்கிறது. திருச்சி மாவட்டம் மணிகண்டம் வட்டாரத்தில் களர் நிலம் பரவலாக உண்டு. அங்குள்ள வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் அதற்கென்றே திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்களை உருவாக்கின. வழிமுறையும் மேலே சொன்னதுதான். ஜிப்சம், தண்ணீர் கட்டுதல், பசுந்தாள், தாங்கும் ரகம்.

ஆனால் ரோத்தக் உவர் நிலத்துக்கு ஜிப்சம் ஒன்றும் செய்யாது. அங்கே களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டிருப்பது பிரச்சினையில்லை. உப்பு மண்ணில் வெறுமனே கரைந்து கிடக்கிறது, அதை வெளியேற்ற வழிதான் இல்லை. ஒரு பேச்சுக்கு, மேலிருந்து நல்ல தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்று வைத்துக்கொள்வோம். அது கீழே போய் நீர்மட்டத்தை இன்னும் உயர்த்தும், உப்பு சில வாரங்களில் திரும்ப மேலே வந்துவிடும். முதலில் நீர்மட்டத்தை இறக்க வேண்டும். அதற்காக மண்ணுக்கு அடியில் வடிகால் போடுகிறார்கள்.

ரோத்தக் மாவட்டம் சாம்ப்லாவில் 1980-களில் கர்னால் நிலையம் இதைச் சோதனையாகச் செய்தது. எதுவும் விளையாத நிலத்தில், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் ஆழத்தில் குழாய்களைப் பதித்தார்கள். இடைவெளி 25, 50, 75 மீட்டர் என்று மூன்று விதமாக வைத்துப் பார்த்தார்கள். நெருக்கமாகப் போட்டால் சீக்கிரம் வடியும், ஆனால் செலவு கட்டுப்படியாகாது. அகலமான இடைவெளியிலும் நிலம் திருந்தும் என்று தெரிந்ததுதான் அந்தச் சோதனையின் பெரிய லாபம். 1990-களில் நெதர்லாந்தின் உதவியுடன் சோனிபட் மாவட்டம் கோஹானாவிலும் கைத்தல் மாவட்டம் கலாயத்திலும் இது பெரிய அளவில் செய்யப்பட்டது. கடல்மட்டத்துக்குக் கீழே நாட்டின் ஒரு பகுதியையே வைத்துக்கொண்டு வடிகாலை நம்பி வாழும் டச்சுக்காரர்களிடம் இந்த வித்தையைக் கற்றது பொருத்தமானதுதான்.

வேலை நடப்பது இப்படி. 50 எக்டேர், அதாவது 125 ஏக்கர் கொண்ட ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் முப்பது நாற்பது குடும்பங்களின் நிலம் இருக்கும். கோடையில் வயல் காலியாக இருக்கும்போது அகழி தோண்டும் இயந்திரம் வரும். லேசர் கதிரின் வழிகாட்டலில், நூறு மீட்டருக்குப் பத்துச் சென்டிமீட்டர் மட்டும் சரிவாக, அது பள்ளம் தோண்டிக்கொண்டே போகும். பின்னாலேயே 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள, மடிப்பு மடிப்பான, துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பதித்து மூடிக்கொண்டும் வரும். குழாயைச் சுற்றி செயற்கை இழைத் துணி போர்த்தியிருக்கும். தண்ணீர் உள்ளே போகலாம், மணலும் வண்டலும் போகக் கூடாது. இப்படி அறுபது மீட்டருக்கு ஒன்றாகப் பதித்த கிளைக் குழாய்கள் ஒரு பெரிய சேகரிப்புக் குழாயில் சேரும். சேகரிப்புக் குழாய் தொகுதியின் தாழ்ந்த மூலையில் உள்ள சிமென்ட் உறைக் கிணற்றில் போய் விழும். நிலம் சரிவாக உள்ள இடங்களில் அங்கிருந்து தானாகவே ஓடையில் கலந்துவிடும். ரோத்தக் பகுதிபோல் தட்டையான தாம்பாளத்தில் அது நடக்காது. டீசல் எஞ்சின் வைத்துத்தான் கிணற்றிலிருந்து இறைத்து அரசு வடிகால் கால்வாயில் விட வேண்டும்.

எஞ்சின் ஓடுகிற நாளில் நிலத்திலிருந்து சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தண்ணீர் வடியும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றும். 50 எக்டேருக்கு அது ஏழரை லட்சம் லிட்டர். லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்றால், அந்த ஒரு மூலைக் கிணறு வழியாக ஒரே நாளில் ஏழரை டன் உப்பு ஊரை விட்டு வெளியேறுகிறது.

நீர்மட்டம் இறங்கியதும் கழுவும் வேலை தொடங்கும். அதற்குக் கால்வாய்த் தண்ணீரை நம்புவதைவிடத் தென்மேற்குப் பருவமழையை நம்புவது நல்லது. அந்த மழையில் உப்பு அறவே இல்லை, காசும் கேட்பதில்லை. ஜூன் மாதக் கடைசிக்குள் வயலை மட்டமாக்கி, ஓரடி உயர வரப்புக் கட்டி, பெய்வதையெல்லாம் அங்கேயே நிறுத்தவேண்டும். ஓர் அடி ஆழ மண்ணைக் கழுவ ஓர் அடி உயரத் தண்ணீர் அதன் வழியே இறங்கவேண்டும் என்பது பொதுக் கணக்கு. அப்படி இறங்கினால் அந்த மண்ணிலுள்ள உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விடும். தொடர்ந்து தேக்குவதைவிட, தேக்கி, வடியவிட்டு, மீண்டும் தேக்கினால் குறைந்த தண்ணீரிலேயே இந்தப் பலன் கிடைக்கும். மேடு ஒன்று வரப்புக்குள் நின்றுவிட்டால் அந்த இடம் மட்டும் கழுவப்படாது. அடுத்த கோதுமையில் வெள்ளைத் திட்டு அங்கேதான் தெரியும். அக்டோபர், நவம்பரில் விதைப்பதற்கு முன் ஒரு தண்ணீர் கனமாக விட்டு, கே.ஆர்.எல். 210, கே.ஆர்.எல். 213 போன்ற உப்பைத் தாங்கும் கோதுமை ரகத்தை விதைப்பார்கள். முதல் ஆண்டே நிலம் பாதி தேறியிருக்கும். இரண்டு மூன்று பருவங்களில் அக்கம்பக்கத்து நல்ல நிலத்தோடு போட்டிபோடும் மகசூல் வரும்.

பொறியியல் இத்துடன் முடிந்தது. கோஹானாவிலும் மற்ற இடங்களிலும் தொல்லை ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

களரைத் திருத்துவது தனி மனிதர் செய்யக்கூடிய வேலை. தன் இரண்டு ஏக்கருக்கு ஜிப்சம் வாங்கிப் போட்டு, தண்ணீர் கட்டி, பக்கத்து வயல்காரரைக் கேட்காமலே திருத்திக்கொள்ளலாம். நீர்மட்டத்துக்கோ வரப்பு தெரியாது. குழாய் நாற்பது பேர் நிலத்தின் அடியில் ஓடுகிறது, எஞ்சினும் ஒன்றுதான். டீசலுக்கு யார் பணம் கொடுப்பது? இதற்கென்று விவசாயிகளின் வடிகால் சங்கங்கள் அமைத்தார்கள். மேட்டு நிலத்துக்காரர், "என் வயலில் சேம் இல்லையே, நான் ஏன் தரவேண்டும்?" என்பார். அவர் வயலிலிருந்து கசிந்ததுதான் பள்ளத்து வயலில் நிற்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. நெல் வைத்தவருக்கு ஆகஸ்டில் தண்ணீர் நிற்கவேண்டும், பருத்தி வைத்தவருக்கு அன்றைக்கே வடியவேண்டும். நெல்காரர் இரவோடு இரவாக ஆய்வுத் தொட்டியில் குழாயின் வாயைச் சாக்கால் அடைத்துவிடுவதும் உண்டு. ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் வராமல், மேலும் கீழும் உள்ளவற்றில் வந்தால், ஒன்று சாக்கு, இல்லையென்றால் வண்டல் என்று அறிந்துகொள்ளலாம். எஞ்சின் திருடுபோவதும் உண்டு.

நிலம் திருந்திய பிறகுதான் பெரிய ஆபத்து வருகிறது. இரண்டாண்டு நல்ல மகசூல் கண்டதும், இனி எஞ்சின் எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். கால்வாய் நிற்கவில்லை, கசிவும் நிற்கவில்லை. நல்ல மழை பெய்த ஓர் ஆண்டில் நீர்மட்டம் திரும்ப ஏறி, உப்பு பழைய இடத்துக்கே வந்துவிடும். குளிர்காலத்தில் எஞ்சினை நிறுத்துவதில் தவறில்லை. ஆழமாக இறங்கிய நீரில் கொஞ்சம் கோதுமை வேருக்கு எட்டினால் ஒரு பாசனம் மிச்சம். மழைக்காலத்தில் நிறுத்துவதுதான் கேடு. எப்போது ஓட்டவேண்டும் என்று தெரிய அதிகச் செலவு இல்லாத வழி ஒன்று இருக்கிறது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள துளையிட்ட குழாயை வயலில் செங்குத்தாகப் பதித்து, மாதம் ஒருமுறை அளவுநாடாவை இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதி வைத்தால் போதும். ஐந்தடிக்கு மேலே வந்தால் ஓட்டவேண்டியதுதான்.

வெளியேற்றிய உப்பு எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. அரியானாவின் வடிகால்கள் யமுனையில் சேர்கின்றன. யமுனையின் தண்ணீரை டில்லி குடிக்கிறது. அதனால், வடிகாலில் மழைவெள்ளம் ஓடும் மாதங்களில் மட்டும் விடுவதே நியாயம். வறண்ட மாதத்தில் விட்டால் கீழே உள்ள ஊர்க்காரர் அந்தத் தண்ணீரை வயலுக்கு எடுத்து, உங்கள் உப்பைத் தன் மண்ணில் வாங்கிக்கொள்வார். சில இடங்களில் ஆவியாக்கும் குட்டைகள் வெட்டிப் பார்த்தார்கள். குட்டைக்கும் நிலம் வேண்டும், அதிலிருந்தும் கசியும்.

குழாய் போட வசதியில்லாதவர்களுக்கு மரம் ஒரு வழி. ஹிசார் மாவட்டம் புத்தியில், வயல் ஓரங்களில் உயர்த்திய கரைகளில் தைல மரங்களை வரிசையாக நட்டார்கள். மூன்றாண்டுகளில் நீர்மட்டம் 85 சென்டிமீட்டர் இறங்கியது. இடையே கோதுமையும் விளைந்தது, மரத்தை விற்றும் பணம் வந்தது. நம் ஊரில் நீரை உறிஞ்சுகிறது என்று திட்டப்படும் அதே மரம், அங்கே அந்தக் குணத்துக்காகவே வரவேற்கப்படுகிறது. ஆனால் மரம் தண்ணீரை மட்டும் குடிக்கும், உப்பை வேரடியிலேயே விட்டுவிடும். நீர்மட்டம் ஏறத் தொடங்கும் காலத்தில் தடுப்பதற்கு இது நல்லது. ஏற்கெனவே வெளுத்துப்போன நிலத்துக்கு இது மட்டும் போதாது.

இன்னும் சிலர், உப்புநீரோடு சண்டை போடுவதை விட்டு அதிலேயே இறால் வளர்க்கிறார்கள். கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ரோத்தக், சிர்சா பக்கத்துக் குட்டைகளில் வன்னமெய் இறால்! அந்த நிலத்தடி நீரில் கடல்நீரைப்போல் பொட்டாசியம் இல்லாததால் அதை வாங்கிக் கலக்கவேண்டியிருக்கிறது. லாபம் உண்டு. ஆனால் பக்கத்தில் திருந்தி நிற்கும் கோதுமை வயலுக்குள் அந்தக் குட்டையின் கசிவு போனால், கேட்பார் யார் என்பதற்கு இன்னும் தெளிவான விதி வேண்டும்.

கால்வாயைத் தூர்வாரும் செலவை யாரும் விவசாயி தலையில் கட்டுவதில்லை. வடிகால் எஞ்சினின் டீசலை மட்டும் நாற்பது குடும்பங்கள் சண்டை போட்டுப் பிரித்துக்கொள்ளவேண்டும் என்பது என்ன கணக்கு? குழாய் பதிப்பதற்குப் பெருமளவு மானியம் தரும் அரசு, பதித்த பின் ஒதுங்கிக்கொள்வதால்தான் பல தொகுதிகளில் உப்பு திரும்பியது. கால்வாயை நடத்தும் துறையே வடிகாலையும் நடத்தவேண்டும், மதகைத் திறக்கும் அட்டவணையில் எஞ்சின் ஓடும் மாதங்களும் இருக்கவேண்டும்.

இதைப் படிக்கும் தமிழக விவசாயி யாருக்காவது வாய்க்கால் பாசன வயலில் வெள்ளை படிந்தால், ஜிப்சம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். வயலில் ஐந்தாறு இடங்களில் மண் எடுத்து, மின்கடத்துதிறன், கார அமிலநிலை இரண்டையும் பார்க்கச் சொல்லி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அதே நாளில் ஒரு குழியும் தோண்டுங்கள். ஆறடிக்குள் தண்ணீர் தென்பட்டால், உங்களுக்கு முதலில் தேவைப்படுவது வடிகால்.